வட்டி 85,000 வந்தும் நஷ்டமா?

*"2021 பிப்ரவரியில் 5 லட்சம் ரூபாயை 5.3% வட்டிக்கு மூன்று வருஷ எஃப்.டி.யில் போட்டேன். 2024-ல் 5,85,556 கைக்கு வந்தது. 'உனக்கு நஷ்டம்மா' என்கிறான் மகன். வட்டி வந்த பிறகு நஷ்டம் எப்படி வரும்? இந்த 5 லட்சத்தை இனி அம்மா பேரில், மாதாமாதம் வட்டி வருகிற மாதிரி போடலாம் என்றிருக்கிறேன். சரியா?"*
*– பள்ளி ஆசிரியை, திருச்சி*

மகன் சொல்வது சரிதான் டீச்சர். ஆனால் நஷ்டம் ரசீதில் தெரியாது, மளிகைக் கடையில்தான் தெரியும்.

மத்திய அரசு மாதாமாதம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு 2020-21-ல் சராசரியாக 155.3 ஆக இருந்தது. 2023-24-ல் அது 184.1. அதாவது விலைவாசி 18.5% ஏறியிருக்கிறது. அன்று 5 லட்சத்துக்கு வாங்கியதை 2023-24-ல் வாங்க ஏறக்குறைய 5,92,700 ரூபாய் வேண்டியிருந்தது. உங்கள் கைக்கு வந்தது 5,85,556. ஏழாயிரம் குறைகிறது.

வங்கி சொன்ன 5.3% பெயரளவு வட்டி. விலையேற்றத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மை வட்டி. உங்கள் விஷயத்தில் அது பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விட்டது.

இதோடு முடியவில்லை. வருமான வரித் துறை விலைவாசியைப் பார்ப்பதில்லை. வந்த 85,556-ம் வருமானம் என்றே கணக்கு. நீங்கள் 20% வரி வரம்பில் இருந்தால், செஸ்ஸும் சேர்த்து 17,800 ரூபாய் போகும். மீதி 5,67,760. இதை 2021-ன் விலையில் பார்த்தால் சுமார் 4,79,000 தான். மூன்று வருஷம் பத்திரமாகப் பூட்டி வைத்த பணத்தில் 21,000 ரூபாய் கரைந்திருக்கிறது. லாபமே இல்லாத இடத்தில் வரி கட்டுவதுதான் எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குறியீடு ஊருக்கெல்லாம் பொதுவான கணக்கு. அந்த வருஷங்களின் குறியீட்டில் நூற்றில் ஏறக்குறைய 46 பங்கு சாப்பாட்டுச் செலவாக இருந்தது. மருந்துக்கும் பிள்ளைகளின் ஃபீஸுக்கும் அதிகம் செலவழிக்கும் வீட்டில் விலையேற்றம் வேறு மாதிரி இருக்கும். பழைய மளிகைச் சீட்டும் மருந்துக் கடை பில்லும் இருந்தால் இப்போதைய பில்லோடு வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கான விகிதம் அதில் தெரியும்.

அப்படியானால் வட்டி அதிகமாகக் கிடைக்கும்போது போட்டால் போதுமா? அதுவும் இல்லை. இலங்கையில் 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருஷத்தில் 69.8% ஏறியிருந்தது. வங்கிகள் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்தன. "விலைவாசி எழுபது, வட்டி இருபதா?" என்று யாரும் கேட்டிருப்பார்கள். ஆனால் அடுத்த செப்டம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அந்த 20% வட்டிக்குப் போட்டவருக்கு, வரிக்கு முன்னால், உண்மையில் 18 சதவீதத்துக்கு மேல் லாபம். அதற்கு ஒரு வருஷம் முன்பு ஒற்றை இலக்க வட்டிக்குப் போட்டவரின் சேமிப்போ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோனது. டெபாசிட்டைத் தொடுவது நேற்றைய விலையேற்றம் அல்ல, பணம் பூட்டியிருக்கும் காலத்தில் வரப்போவது. அதை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அதனால் மொத்தத்தையும் ஒரே தேதியில், ஒரே காலத்துக்குப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து, வெவ்வேறு வருஷத்தில் முதிர்கிற மாதிரி போடுங்கள்.

இனி அம்மா விஷயம். அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அவர் பெயரில் போடுவது நல்ல யோசனை. கணவன் மனைவிக்குள் கொடுத்தால் வட்டி கொடுத்தவர் கணக்கில் ஏறும், பெற்றோருக்குக் கொடுத்தால் அப்படி ஏறாது. அந்த 21,000 ரூபாய் கரைசலில் பெரிய பங்கு வரிதான் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் மாதாமாதம் வரும் வட்டி முழுவதையும் செலவழிக்கலாம் என்று அம்மா நினைத்துவிடக் கூடாது. மூத்த குடிமக்களுக்கு 7.5% கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சத்துக்கு வருஷம் 37,500 ரூபாய். விலைவாசி 4% ஏறினால் (ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் இலக்கு அதுதான்), அதில் 20,000 ரூபாய் வட்டியே அல்ல, தேய்ந்த அசலுக்கு ஈடு. அதை எடுத்துச் செலவழித்தால் அம்மா அசலைச் சாப்பிடுகிறார் என்று அர்த்தம், பாஸ்புக்கில் 5 லட்சம் அப்படியே நின்றாலும். மீதி 17,500, மாதம் 1,450 சொச்சம்தான் உண்மையான வட்டி. மருந்துச் செலவுக்கு அது போதாதென்றால் அசலிலிருந்து எடுப்பதில் தப்பில்லை. அம்மாவின் வயதையும் பார்த்து, எத்தனை வருஷத்துக்கு அப்படி எடுக்கலாம் என்று மகனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு வங்கிக்குப் போங்கள்.