ஒரே சனி நட்சத்திரம், ஆனா குணம் வேற வேற

"எனக்கு பூசம், தங்கச்சிக்கு அனுஷம். ரெண்டும் சனி நட்சத்திரம்னு ஒரே பலன் போட்டிருக்காங்க, ஆனா நாங்க நேரெதிர். அப்போ எதை நம்புறது?"

நட்சத்திர அதிபதி சொல்றது அடிப்படை குணத்தை மட்டும்தாங்க. அஸ்வினில கேது தொடங்கி புதன் வரை ஒன்பது பேர், அதே வரிசை மூணு தடவை சுத்தும், அதனால சனிக்கு பூசம், அனுஷம், உத்திரட்டாதி. பொறுமை, கடமை, எதுவும் லேட்டா ஆனா நிலையா கிடைக்கிறது, இது மூணுக்கும் பொது.

ஆனா நிக்கிற வீடு வேறல்ல. பூசம் கடகத்துல, சந்திரனோட சொந்த வீடு, அதனால அந்த பொறுப்பு குடும்பத்தை தாங்குறதா வெளிய தெரியும். அனுஷம் விருச்சிகம், செவ்வாய் வீடு, அங்க சந்திரன் நீசம் வேற, அதே பொறுமை உள்ளுக்குள்ள புழுங்குறதா, பிடிவாதமா மாறும்.

இன்னொண்ணு, என்னைக் கேட்டா இதான் முக்கியம், தசை இருப்பு, அதாவது பிறக்கும்போது முதல் தசைல மீதி இருந்த காலம். ரெண்டு பேருக்கும் முதல்ல சனி தசைதான், மொத்தம் 19 வருஷம், ஒரு பாதத்துக்கு 4 வருஷம் 9 மாசம். நீங்க முதல் பாத ஆரம்பத்துல பிறந்திருந்தா ஸ்கூல் முழுக்க சனிலயே போயிருக்கும், தங்கச்சி நாலாம் பாதம்னா அஞ்சு வயசுக்குள்ளயே புதன் தசை வந்து கலகலன்னு பேசுற பொண்ணா வளர்ந்திருப்பாங்க. ஜாதகத்துல "கர்ப்பச்செல் நீக்கி இருப்பு"ன்னு எழுதியிருப்பாங்க பாருங்க, ரெண்டையும் எடுத்து அந்த வரியை முதல்ல ஒப்பிடுங்க.