அரைநாளில் முடியாது

அன்புள்ள ஐயா,

மதுரையைச் சுற்றியுள்ள குகைக் கல்வெட்டுகள் பற்றி ஒரு புத்தகம் முடித்திருக்கிறேன். எட்டு அத்தியாயங்களும் தனித்தனிக் கட்டுரைகளாக எழுதியவை. ஒவ்வொன்றின் முடிவிலும் துணைநூற்பட்டியல் இருக்கிறது. பதிப்பாளர் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் ஒன்றாகப் போடச் சொல்கிறார். அத்தியாயத்தின் கீழேயே இருந்தால்தானே வாசகருக்கு வசதி? தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் பிரிக்க வேண்டுமா? சேர்ப்பதென்றால் எல்லாவற்றையும் ஒட்டி அகரவரிசைப்படுத்தினால் போதும், அரைநாள் வேலை என்று நினைக்கிறேன். சரிதானா?

மேலூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போன வாரம் முழுக்க நான் இதே வேலையில்தான் கிடந்தேன். என் பழைய புத்தகம் ஒன்று மறுபதிப்புக்குப் போகிறது. அதன் துணைநூற்பட்டியலில் இருபது வருடத்துக்கு முன் நான் செய்த தப்பைத் தேடித் தேடித் திருத்திக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. ‘அரைநாள்’ என்ற சொல்லைப் பார்த்ததும் மனசு பதறிவிட்டது.

தமிழ், ஆங்கிலம் பிரிப்பதெல்லாம் பதிப்பாளர் வழக்கம். அவர் சொல்கிறபடி செய்யுங்கள். வாசகர் வசதி என்கிறீர்கள். பல பேர் எழுதிய தொகுப்பு நூல் என்றால் நானும் அத்தியாயத்தின் கீழேதான் போடச் சொல்வேன். அதில் ஒரு கட்டுரையை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள், பட்டியல் கூடவே போக வேண்டும். அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பும் அந்தக் கட்டுரையாளர்தான். உங்களுடையது ஒருவர் எழுதிய புத்தகம். மாங்குளமும் அழகர்மலையும் எட்டு அத்தியாயத்திலும் வருகின்றன என்றால் அதே இருபது நூல்கள் எட்டுத் தடவை அச்சாகும். பதிப்பாளர் சொன்னது சரி.

என் கவலை வேறு. புத்தகத்தின் உடலில், அதாவது கட்டுரை வரிகளுக்குள், ‘(1998ஆ: 14)’ என்று எழுதுகிறோமே, அந்த ‘ஆ’ எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரே ஆசிரியர் ஒரே வருடத்தில் இரண்டு கட்டுரை எழுதியிருந்தால், தலைப்பை அகரவரிசையில் வைத்து முதலாவதற்கு அ, அடுத்ததற்கு ஆ என்று போடுகிறோம். அந்த எழுத்து கட்டுரைக்குச் சொந்தமில்லை, பட்டியலுக்குச் சொந்தம். பட்டியல் மாறினால் எழுத்தும் மாறும்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். நான் மதித்துப் படித்த ஓர் ஆய்வாளர் ஒரே வருடத்தில் மூன்று கட்டுரைகள் எழுதியிருந்தார். அழகர்மலை பற்றி ஒன்று, திருப்பரங்குன்றம் பற்றி ஒன்று, மாங்குளம் பற்றி ஒன்று. வருடம் 1998 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் இரண்டாம் அத்தியாயத்தில் அழகர்மலையும் மாங்குளமும் வந்தன. அதனால் அங்கே அழகர்மலை 1998அ, மாங்குளம் 1998ஆ. ஐந்தாம் அத்தியாயத்தில் வந்தவை அழகர்மலையும் திருப்பரங்குன்றமும். அங்கே அழகர்மலை 1998அ, திருப்பரங்குன்றம் 1998ஆ. ஏழாம் அத்தியாயத்தில் மாங்குளம் மட்டும், ஆகவே வெறும் 1998. அந்தந்த அத்தியாயத்துக்குள் எல்லாம் சரி.

அச்சுக்குப் போகும் முந்தின இரவு பட்டியல்களை ஒன்றாக ஒட்டினேன். வரிசை அழகர்மலை, திருப்பரங்குன்றம், மாங்குளம் என்று வந்தது. அ, ஆ, இ என்று எழுத்தும் போட்டேன். உடலைத் தொடவே இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் மாங்குளத்தைக் குறித்த ‘1998ஆ’ இப்போது திருப்பரங்குன்றத்தைக் காட்டியது. அது தப்பு என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பட்டியலில் 1998ஆ இருக்கிறது, உடலிலும் இருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். ஏழாம் அத்தியாயத்து வெறும் 1998தான் கொஞ்சமாவது உறுத்தும், பட்டியலில் வெறும் 1998 இல்லையே என்று.

நான்கு வருடம் கழித்து ஒரு மாணவர் வீட்டுக்கு வந்தார். நான் குறித்த கட்டுரையை எங்கோ தேடிப்பிடித்து நகலெடுத்துக் கொண்டுவந்து, ‘ஐயா, நீங்கள் சொல்லும் மாங்குளத்துச் செய்தி இதில் இல்லையே’ என்றார். இரண்டு மாதம் அலைந்திருக்கிறார். அந்தப் பையனின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே ஒட்டுவதற்கு முன், ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் அது எந்த அத்தியாயத்திலிருந்து வந்தது என்று எண் போடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொட்டி வரிசைப்படுத்துங்கள். இரட்டிப்பானவற்றை நீக்கும்போது எண்களை மட்டும் மிஞ்சும் பதிவில் சேர்த்துவிடுங்கள். எழுத்துகளைக் கடைசியாகப் போடுங்கள். ஓர் எழுத்து மாறினால், எந்தெந்த அத்தியாயத்தில் திருத்த வேண்டும் என்று அந்த எண்களே சொல்லும்.

உடலைத் திருத்துவதை அத்தியாயங்கள் தனித்தனிக் கோப்பாக இருக்கும்போதே செய்து முடியுங்கள். என் கதையில் இரண்டாம் அத்தியாயத்து ‘ஆ’ மட்டும்தான் ‘இ’ ஆக வேண்டும், ஐந்தாம் அத்தியாயத்து ‘ஆ’ அப்படியே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிவிட்டு மொத்தமாக மாற்று என்று கொடுத்தால் இரண்டும் மாறிவிடும். தமிழில் இன்னொரு தொல்லை: ‘1998இ’ என்று தேடினால் ‘1998இல்’ எல்லாம் வந்து நிற்கும். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

ஜோட்டெரோ மாதிரி துணைநூற்பட்டியல் போட்டுத்தரும் மென்பொருளில் எழுதியிருந்தால், எட்டையும் மென்பொருளோடு இணைப்பு அறாத மேற்கோள்களோடு ஒரே கோப்பில் சேர்த்ததும் அதுவே எழுத்துகளை மாற்றிக்கொள்ளும். ஆனால் ஒரே புத்தகத்தை இரண்டு தடவை உள்ளே ஏற்றியிருந்தால் அதை இரண்டு புத்தகம் என்று நினைத்து எழுத்து பிரித்துவிடும். ஒரே நூல் 2003a, 2003b என்று இரண்டு வரியில் வந்தால் அதுதான் காரணம். மேற்கோள்களை வெறும் எழுத்தாக மாற்றிவிட்டீர்கள் என்றால் மென்பொருள் உதவாது, கையால்தான்.

இரட்டிப்பை நீக்குவதிலும் கை தயங்க வேண்டும். ஐராவதம் மகாதேவனின் தமிழ்-பிராமி நூல் உங்கள் பட்டியலில் இல்லாமல் இருக்காது. ஓர் அத்தியாயத்தில் ‘ஐராவதம் மகாதேவன்’ என்று ஐகாரத்திலும், இன்னொன்றில் ‘மகாதேவன், ஐராவதம்’ என்று மகரத்திலும் எழுதியிருப்பீர்கள். அகரவரிசைப்படுத்தினால் இரண்டும் பக்கத்தில்கூட வராது, இரட்டிப்பு என்று கண்ணில் படாது. பெயர்களை ஒரே முறைக்குக் கொண்டுவந்த பிறகே வரிசைப்படுத்துங்கள். பெயரைச் சீராக்கிய பிறகு, 2003 என்று ஒன்றும் 2014 என்று ஒன்றும் நின்றால் அவசரப்பட்டு ஒன்றை அடிக்காதீர்கள். முதற்பதிப்பு 2003, திருத்திய பதிப்பு 2014. பழைய கட்டுரையை எழுதும்போது முதற்பதிப்பைப் பார்த்திருப்பீர்கள், பக்க எண்ணும் அதிலிருந்து எடுத்ததாக இருக்கும். வருடத்தை மட்டும் 2014 ஆக்கிவிட்டு 2003இன் பக்க எண்ணை அப்படியே விடுவது பொய் சொல்வதற்குச் சமம். இரண்டையும் பட்டியலில் வையுங்கள், அல்லது புதிய பதிப்பைக் கையில் எடுத்து ஒவ்வொரு பக்க எண்ணையும் மறுபடி பாருங்கள். புத்தகத்தைத் திறக்காமல் எண்ணை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.

கோபமாகப் பேசிவிட்டேன். மலை மலையாக ஏறி இறங்கிப் படியெடுத்த பெண், கடைசி எட்டுப் பக்கத்தில் கை சோர்ந்துவிடக் கூடாதே என்றுதான். பத்து நாள் கொடுங்கள் என்று பதிப்பாளரிடம் கேளுங்கள். சேர்த்த பட்டியலை அத்தியாய எண்களை அழிக்காமல் எனக்கு அனுப்பிவையுங்கள். ஒரே ஆசிரியர், ஒரே வருடம் வருகிற இடங்களை மட்டும் நானும் ஒரு தடவை பார்க்கிறேன்.