டாய்லெட், தரை, கிச்சன்: பெயரைப் பார்க்காமல் ரசாயனத்தைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: டாய்லெட், தரை, கிச்சன் மூன்றுக்கும் என்ன கிளீனர் வாங்கலாம்? எதை எதோடு சேர்க்கவே கூடாது?

பாட்டிலைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் ரசாயனப் பெயரைப் படித்து வாங்குங்கள். முன்பக்கத்துப் படமும் வாசனையும் ஒன்றும் சொல்லாது.

முதலில் டாய்லெட். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் பேசினில் படியும் மஞ்சள் திட்டு பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பும் இரும்பும்தான். அதைக் கரைக்க ஆசிட் வேண்டும். நம் ஊர் டாய்லெட் கிளீனர்களில் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட் (HCl), சுமார் 10 சதவீதம். அதே அலமாரியில், அதே வளைந்த கழுத்து பாட்டிலில், சோடியம் ஹைப்போகுளோரைட் (NaOCl) உள்ளதும் இருக்கும். அது ப்ளீச். கிருமியைக் கொல்லும், ஆனால் உப்புக்கறையைக் கரைக்காது. இரும்புக் கறை அதில் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளவும் செய்யும்.

ஆசிட் கிளீனரைத் தண்ணீர் கலக்காமல் அப்படியேதான் ஊற்ற வேண்டும். பேசினுக்கு அடியில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். அதில் 100 மில்லி ஊற்றினால் 10 சதவீதம் ஒன்றுக்கும் கீழே போய்விடும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம். பிரஷ்ஷால் அந்தத் தண்ணீரை வேகமாக உள்ளே குத்தித் தள்ளுங்கள், மட்டம் இறங்கும். பிறகு விளிம்புக்கு அடியில் சுற்றி விட்டு 20 நிமிடம் விடுங்கள். மார்பிள், மொசைக் தரையில் மட்டும் ஒரு சொட்டும் விழக்கூடாது. அந்த இடம் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிவிடும்.

இனி, சேர்க்கவே கூடாதது. ஆசிட்டும் ப்ளீச்சும் சந்தித்தால் குளோரின் வாயு:

```
NaOCl + 2HCl → NaCl + H2O + Cl2
```

"நான் எங்கே கலக்கிறேன்?" என்று தோன்றும். பாத்ரூமில் ப்ளீச்சிங் பவுடர் தூவி ஊறவிட்டு, அது போவதற்குள் கறை தெரிகிறதே என்று ஆசிட்டை ஊற்றுவோமே, அதுதான் கலப்பது. பவுடரில் இருப்பதும் ஹைப்போகுளோரைட்தான், கால்சியத்தோடு. குளோரின் காற்றைவிட எடை கூடியது, தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்க்கிறவரின் மூக்கு அங்கேதான் இருக்கிறது. நீச்சல்குள வாடை பலமாக அடித்து, கண் எரிந்து, தொண்டை கமறினால் எதையும் கழுவி விட நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். மூச்சு இறுக்கமாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கொஞ்சம் குறைந்தாலும் கூட. சில மணி நேரம் கழித்து மோசமாவதும் உண்டு.

இரண்டும் தேவை என்றால் இன்று ஆசிட், நன்றாக ஃப்ளஷ் செய்துவிட்டு நாளை ப்ளீச். வினிகரும் எலுமிச்சையும் ஆசிட்தான், மறக்க வேண்டாம். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரமைன் என்ற இன்னொரு நச்சு வாயு வரும். சிறுநீர் நிற்கும் பேசினில் ஃப்ளஷ் செய்யாமல் ப்ளீச் ஊற்றக்கூடாது என்பதும் இதனால்தான். அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா மேல் ஆசிட் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

தரைக்கு தினசரி பென்சல்கோனியம் குளோரைடு உள்ள கிளீனர் போதும், மூடி அளவு லேபிளில் இருக்கும். அந்த வாளியில் சோப்புத்தூளும் போடாதீர்கள். ஆபத்து இல்லை, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முடக்கிவிடும், காசு தண்ணீரில் போகும். வீட்டில் பூனை இருந்தால் கறுப்பு பினாயில் வேண்டவே வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த வீட்டில் மட்டும் டைல்ஸ் தரைக்கு ப்ளீச் எடுக்கலாம். பாட்டிலில் 5 சதவீதம் என்று இருந்தால், நமக்கு வேண்டியது 0.1. அதாவது 50 மடங்கு நீர்க்க வேண்டும், லிட்டருக்கு 20 மில்லி, அரை வாளி 5 லிட்டர் என்றால் 100 மில்லி. முதலில் அழுக்கைத் துடைத்துவிட்டு இதைப் போட்டு, 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். பச்சைத் தண்ணீரில் கலக்குங்கள், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

கிச்சனில் எதிரி எண்ணெய்ப் பிசுக்கு, அதற்கு ஆசிட் பயன்படாது. மேடைக்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு வெந்நீரில் போதும். காய்ந்து இறுகிய பிசுக்குக்குத்தான் காரம் வேண்டும்: வாஷிங் சோடா, இல்லையென்றால் காஸ்டிக் உள்ள சிம்னி கிளீனர், கையுறையோடு. ஸ்டீல் பில்டர் அதைத் தாங்கும். அலுமினிய வலையாக இருந்தால் கறுத்து அரித்துப்போகும், அதற்கு வெந்நீரும் லிக்விடும் மட்டுமே.