பொதுப் பாதையில் மதில் கட்டுகிறார்கள்: இடைக்காலத் தடை கிடைக்குமா?

கேள்வி: என் வீட்டுக்குப் போக 10 அடிப் பொதுப் பாதை ஒன்றுதான் வழி. கிரையப் பத்திரத்திலும் அது இருக்கிறது. பக்கத்து மனைக்காரர் அதில் 4 அடியைச் சேர்த்து மதில் கட்ட வானம் தோண்டிவிட்டார். உரிமையை முழுதாக நிரூபித்த பிறகுதான் தடை கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. உரிமை யாருக்கு என்பது அசல் வழக்கின் விசாரணை முடிவில்தான் தீர்மானமாகும். அதுவரை நிலைமை மாறாமல் காப்பதற்குத்தான் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 39, விதிகள் 1, 2 இருக்கின்றன. விசாரிக்கத் தகுந்த, நேர்மையான ஒரு பிரச்சினை இருக்கிறது என்று காட்டினாலே முதல் நோக்கு வழக்கு இருப்பதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அதையும் உரிமை மூலத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று தல்பத் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் பத்திரத்தைவிட எதிராளியின் பத்திரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். சார் பதிவாளர் அலுவலகத்தில் அவருடைய கிரையப் பத்திரத்துக்கும் தாய்ப் பத்திரத்துக்கும் நகல் மனுப் போடுங்கள். அவருடைய சொத்து விவரத்தில் “பொதுப் பாதைக்கு மேற்கு” என்று எல்லை எழுதியிருந்தால், அவர் வாங்கியபோதே பாதையை ஒப்புக்கொண்டிருக்கிறார். மனைப்பிரிவு வரைபடம் இருந்தால் அதையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.

முதல் நோக்கு வழக்கு இருந்தாலே தடை கிடைத்துவிடாது. இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரண்டாவது, வசதியின் சமநிலை. பலர் சறுக்குவது இங்கேதான். தடை கொடுத்தால் அவருக்கு வரும் கஷ்டம், மறுத்தால் உங்களுக்கு வரும் கஷ்டம், இவற்றில் எது பெரிது என்று நீதிபதி ஒப்பிடுவார். “இன்னும் 6 அடி இருக்கிறது, நடக்கலாமே” என்பார் எதிராளி. அதற்கான பதில் உங்கள் பிரமாணப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும்: 6 அடியில் கார் திரும்பாது, ஆம்புலன்ஸ் வாசல்வரை வராது, இந்த வீட்டில் இன்னின்ன தேவை இருக்கிறது என்று விவரமாக எழுதுங்கள். வெறுமனே “வசதியின் சமநிலை எனக்குச் சாதகம்” என்ற ஒற்றை வரிக்கு எந்த மதிப்பும் கிடையாது.

கோரிக்கையை அந்த 4 அடிப் பட்டைக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் மனையில் எந்தக் கட்டுமானமும் கூடாது என்று கேட்டால் அவருடைய கஷ்டம் பெரிதாகி, தராசு அவர் பக்கம் சாய்ந்துவிடும். தாமதமும் அப்படித்தான். வானம் தோண்டிய நிலையில் நிறுத்தச் சொன்னால் அவருக்கு நஷ்டம் கொஞ்சம். மதில் முழுதாக எழுந்த பிறகு போனால் இடிக்கும்படி இடைக்காலச் செயலுறுத்துக் கட்டளைதான் கேட்க வேண்டிவரும். அதற்கு மிக வலுவான வழக்கு வேண்டும், அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

மூன்றாவது, ஈடுசெய்ய முடியாத இழப்பு. இழந்ததைத் திரும்பப் பெறவே வழியில்லை என்று காட்ட வேண்டியதில்லை. பணம் கொடுத்துச் சரிக்கட்ட முடியாத, பொருட்படுத்தத் தக்க இழப்பு என்று காட்டினால் போதும். வீட்டுக்கு இது ஒன்றே வழி என்பதுதான் உங்கள் பலம். பின்பக்கம் சந்து ஏதாவது இருந்தால் அதை மறைக்காதீர்கள். அது ஏன் போதாது என்று நீங்களே எழுதுங்கள். முக்கியமான விவரத்தில் தெரிந்தே பொய் சொல்லியோ திசைதிருப்பியோ, எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை வாங்கியிருந்தால், கட்டளை 39, விதி 4 இன்படி நீதிமன்றம் அதைப் பொதுவாக ரத்து செய்துவிடும்.

வேலை வேகமாக நடப்பதால், எதிராளிக்கு அறிவிப்புப் போகும் முன்பே ஒருதலைப்பட்சத் தடை கேட்கலாம். அறிவிப்புக்குக் காத்திருந்தால் மனுவின் நோக்கமே கெட்டுவிடும் என்பதற்கான காரணத்தை நீதிமன்றம் பதிவுசெய்ய வேண்டும். ஆகவே தேதி தெரியும் புகைப்படங்களும், தோண்டிய குழியின் நீள அகலமும் மனுவில் இருக்கட்டும். தடை கிடைத்ததும் மனு, பிரமாணப் பத்திரம், வழக்குரை, ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை உடனே எதிராளியிடம் நேரில் கொடுக்க வேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கான பிரமாணப் பத்திரத்தை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்ய வேண்டும். விதி 3 இன் இந்தக் கட்டாயத்தைத் தவறவிட்டுக் கையில் கிடைத்த தடையை இழந்தவர்கள் உண்டு. அதன்பின் 30 நாளுக்குள் மனுவை விசாரித்து முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும். முடியாவிட்டால் காரணத்தைப் பதிவுசெய்யும்.

அதே நாளில் கட்டளை 26, விதி 9 இன் கீழ் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கவும் மனுப் போடுங்கள். குழி இன்று எந்த இடத்தில், எத்தனை அடியில் இருக்கிறது என்று அவர் அளந்து அறிக்கை தந்துவிட்டால், “மதில் முன்பே இருந்தது” என்ற வாதம் பிறகு எழாது. தடை மறுக்கப்பட்டால் கட்டளை 43, விதி 1(ஆர்) இன் கீழ் மேல்முறையீடு உண்டு. மாவட்ட அளவிலான நீதிமன்றத்துக்குப் போவதானால் கெடு 30 நாள்.