டிமினிஷ்ட் ஸ்கேல் ஏன் உதைக்குது?

கடிதம்:

அண்ணா வணக்கம். மூணு வருஷமா பியானோ வாசிக்கிறேன், இப்பதான் ஜாஸ் பக்கம் வந்திருக்கேன். ஜி7 கார்டு வந்தா டிமினிஷ்ட் ஸ்கேல் இல்லன்னா ஹோல் டோன் ஸ்கேல் வாசிக்கலாம்னு சொல்றாங்க. டிமினிஷ்ட் வாசிச்சா எனக்கு அபஸ்வரமாத்தான் கேக்குது. ஹோல் டோன் பரவால்ல, ஆனா கூட கார்டு பிடிக்கிறவர் முகத்தைச் சுளிக்கிறார். எங்க தப்பு பண்றேன்?

பதில்:

நீங்க ஜில இருந்து ஒரு முழு டோன், அப்புறம் ஒரு அரை டோன்னு ஆரம்பிச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். அப்படிப் போனா ஜி, ஏ, பி ஃப்ளாட், சி, டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஈ, எஃப் ஷார்ப்னு வரும். இதுல பியும் இல்ல, எஃப்பும் இல்ல. ஜி7-ஐ ஜி7-ஆ காட்டறதே அந்த ரெண்டு சுரம்தான், அது ரெண்டையும் தவறவிட்டுட்டு கார்டுல இருக்கிற எஃப் மேல எஃப் ஷார்ப்பைப் போட்டு மோதினா உதைக்காம என்ன செய்யும். அந்த வரிசை டிமினிஷ்ட் கார்டுக்கானது. டாமினன்ட் செவன்துக்கு அரை டோன்ல ஆரம்பிக்கணும்: ஜி, ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட், டி, ஈ, எஃப். கார்டோட நாலு சுரமும் உள்ள இருக்கு, மிச்ச நாலும் அதுக்கு மேல காரம் சேர்க்குது.

சமச்சீர்ங்கறது இங்கதான் கைக்கு உதவும். அரை, முழு, அரை, முழுன்னு போறதால மூணு செமிடோனுக்கு ஒருதடவை அதே வடிவம் திரும்ப வருது, அதனால ஜி, பி ஃப்ளாட், டி ஃப்ளாட், ஈ நாலுக்கும் ஒரே எட்டு சுரம்தான், மொத்தத்துக்கும் மூணே டிமினிஷ்ட் ஸ்கேல் கத்துக்கிட்டா போதும். ஹோல் டோன்ல எல்லாமே முழு டோன், அதனால ரெண்டே ரெண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான் தன்னோட மோடுகள் பட்டியல்ல ஹோல் டோனை முதல்லயும் டிமினிஷ்டை ரெண்டாவதாவும் வச்சிருக்கார், கொஞ்சம் நகர்த்தினாலே பழைய இடத்துக்கே வந்துடும்னு.

ஒண்ணு வாசிச்சுப் பாருங்க. ஜி7 ஒரு பார், அடுத்த பார் சி மேஜர். டி ஃப்ளாட், பி, பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட்னு இறங்குங்க, அதே நாலு சுர வடிவத்தை மூணு செமிடோன் கீழ வச்சா பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட், ஜி, எஃப். எட்டு எய்த் நோட், ஒரு பார் முடிஞ்சது, அந்தக் கடைசி எஃப் அப்படியே அரை டோன் இறங்கி சி மேஜரோட ஈல போய் உக்காரும். அந்த உக்கார்ற இடம் இல்லன்னா வடிவத்தை நகர்த்திக்கிட்டே போறது வெறும் பயிற்சி மாதிரி கேக்கும், நிறைய பேர் சோலோ அங்கதான் சலிப்புத்தட்டுது.

அந்த எட்டு சுரத்துக்குள்ள ஜி மேஜர், டி ஃப்ளாட் மேஜர் ரெண்டு ட்ரையடும் இருக்கு பாருங்க. ஸ்ட்ராவின்ஸ்கி 1911-ல பெட்ரூஷ்காவுல சி மேஜரையும் எஃப் ஷார்ப் மேஜரையும் ஒண்ணா மோதவிட்டது இதே உறவுதான்.

ஹோல் டோன் கதை வேற. ஜி, ஏ, பி, டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப். அரை டோனே கிடையாது, பர்ஃபெக்ட் ஃபிஃப்தும் கிடையாது, அதனால எந்த சுரமும் இன்னொண்ணை இழுக்காம மிதக்கும். டெபுஸி வாய்ல்ஸ்ங்கற பியானோ பீஸ்ல அந்த மிதப்பையே கிட்டத்தட்ட முழு பீஸுக்கும் விரிச்சு வச்சுட்டு நடுவுல மட்டும் கொஞ்ச நேரம் பென்டடானிக்குக்குப் போயிட்டு வருவார். ஜாஸ் பியானிஸ்ட் தெலோனியஸ் மாங்க் அப்படியெல்லாம் நீட்டமாட்டார், ஒரு இறக்கமா சரசரன்னு ஓடவிட்டு நிறுத்திடுவார், எனக்கு அதுதான் பிடிக்கும், ஏன்னா நீளமா வாசிச்சா சீக்கிரம் தெவிட்டிடும்.

உங்க நண்பர் முகம் சுளிக்கிறதுக்குக் காரணம் அநேகமா அவர் கை. அவர் ஜி7-ல டியோ ஏ ஃப்ளாட்டோ ஈயோ சேர்த்துப் பிடிச்சிருந்தா உங்க ஈ ஃப்ளாட்டும் ஏவும் அதோட அரை டோன்ல உரசும். அவர் ஃபிஃப்தை உயர்த்தி ஜி7 ஷார்ப் ஃபைவா பிடிச்சா ஹோல் டோன், ஃப்ளாட் நைனும் தர்ட்டீனும் பிடிச்சா டிமினிஷ்ட். முதல்ல அவர்கிட்ட என்ன பிடிக்கிறீங்கன்னு கேட்டுடுங்க. அடுத்து வர்றது சி மைனர்னா டிமினிஷ்ட்ல இருக்கிற அந்த ஈ கொஞ்சம் முன்னாடியே மேஜர்னு சொல்லிடும், அங்க நான் கீழ்பாதியை டிமினிஷ்ட்லயும் மேல்பாதியை ஹோல் டோன்லயும் எடுத்துக்குவேன்: ஜி, ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப். ஆல்டர்ட் ஸ்கேல்னு சொல்றது இதைத்தான்.