மெனு கார்டு: மூன்று கேள்விகள்

டர்பன் பக்கம் சேட்ஸ்வர்த்தில் சின்ன உணவகம் வைத்திருக்கிறேன். கால் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிக் கொடுக்கும் மட்டன் குவாட்டர் பன்னிதான் அதிகம் போகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஏன் ஐயா?

நீங்கள் அனுப்பிய கணக்கிலேயே பதில் இருக்கிறது. மட்டன் பன்னியின் விலை 110 ராண்ட். அதில் 15 சதவீத வாட் அடக்கம் என்பதால் உங்களுக்கு வருவது சுமார் 96தான். கறி, ரொட்டி, மசாலா, சம்பல் எல்லாம் 64 ராண்ட் ஆகிறது என்றால் மிச்சம் 32. பீன்ஸ் பன்னியை 65க்குத்தான் விற்கிறீர்கள். வாட் போக சுமார் 57, செலவு 18, மிச்சம் 39 ராண்ட்! சிக்கன் பிரியாணியில் 95க்கு வாட் போக சுமார் 83 வருகிறது, செலவு 32, ஆக 51 நிற்கிறது.

செலவு சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். 30 ராண்ட் சிப்ஸுக்கு 6 ராண்ட்தான் செலவு. சதவீதம் அழகாக இருக்கும், ஆனால் கைக்கு வருவது 20தான். ஒரு தட்டுக்கு எத்தனை ராண்ட் மிஞ்சுகிறது என்பதையே பாருங்கள்.

அதற்காக மட்டனை எடுத்துவிடாதீர்கள், ஆட்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். முதலில் ஒரு வாரம் கறியை எடை போட்டுப் பரிமாறச் சொல்லுங்கள். கை தாராளமாகி நாலு துண்டு கூடினால் அந்த 32ம் கரைந்துவிடும். அப்புறம் பிரியாணியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் மிஞ்சிப்போன பிரியாணியையும் செலவில் சேர்க்கவேண்டும். 20 தட்டு சமைத்து 14 மட்டும் விற்றால், 51 என்று நினைத்த லாபம் விற்ற தட்டுக்கு 37 ஆகிவிடும்.

ஃபீனிக்ஸிலிருந்து: லாபமான உணவை வலது பக்க மேல் மூலையில் போட்டால் கண் அங்கேதான் போகும் என்கிறார்களே, உண்மையா?

பல வருஷமாகச் சொல்லப்பட்டு வந்தது. பின்னால் கண்ணசைவை அளந்து பார்த்த ஆய்வில், மக்கள் மெனுவைப் புத்தகம் மாதிரி மேலிருந்து கீழாகப் படிப்பதுதான் தெரிந்தது. அதனால் மூலையைத் தேட வேண்டாம். ஒவ்வொரு பிரிவிலும் முதல் வரியில் பிரியாணி மாதிரி நல்ல மிச்சம் தருவதை வையுங்கள். ஒரு பிரிவில் ஒன்றுக்கு மட்டும் கட்டம் போடுங்கள். நாலுக்குப் போட்டால் எதுவும் எடுபடாது.

டோங்காட்டிலிருந்து: விலைக்கு முன்னால் R போடலாமா?

வெறும் எண் போதும். 2009ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஓர் உணவகத்தில் சோதித்தபோது, டாலர் குறி இல்லாத மெனுவைப் பார்த்தவர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள். டர்பன் பக்கம் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எடுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. அதைவிட முக்கியம், விலைகளை வலது ஓரத்தில் ஒரே நேர்க்கோட்டில் அடுக்காதீர்கள். அடுக்கினால் கண் உணவை விட்டுவிட்டு, மலிவானது எது என்று மேலும் கீழும் தேடும். விளக்கம் முடிந்ததும் அதே வரியில், அதே எழுத்தளவில் விலையைப் போட்டுவிடுங்கள்.