‘கால’வுக்குப் பிறகு ‘இன்ன’

“அரபில் அன், அன்ன, இன்ன மூன்றுக்கும் ‘என்று’ என்றே பொருள் சொல்லித்தருகிறார்கள். ‘மேலாளர் சொன்னார்’, ‘நான் நினைக்கிறேன்’ என்று எழுதும்போது எதைப் போடுவது?”

பொருளை விடுங்கள், முன்னால் நிற்கும் வினையைப் பாருங்கள். அது ‘கால’ (சொன்னான்) அல்லது அதன் வேறு வடிவமானால் இன்ன. ‘காலல் முதீரு இன்னல் மக்தப முக்லகுன்’: அலுவலகம் மூடியிருக்கிறது என்று மேலாளர் சொன்னார். ‘கால’வுக்குப் பின் வருவது சொன்னவரின் பேச்சு; அது புது வாக்கியமாகவே தொடங்கும், வாக்கியத் தொடக்கத்துக்குரியது இன்னதான்.

நினைப்பு, நம்பிக்கை, அறிவு என்றால் அன்ன. ‘அளுன்னு அன்னல் மக்தப முக்லகுன்’: மூடியிருக்கும் என்று நினைக்கிறேன். செய்தி சொல்லும் மற்ற வினைகளுக்கும், உதாரணமாக ‘அஃக்பர’ (தெரிவித்தான்), அன்னதான். இரண்டிலும் அடுத்த பெயர் ‘மக்தபு’ அல்ல, ‘மக்தப’.

அடுத்து வருவது வினையானால் அன். ‘தலபல் முதீரு மின்னீ அன் அத்ஹப’: என்னைப் போகச் சொன்னார். தமிழில் இதுவும் ‘சொன்னார்’தான், ஆனால் இது கட்டளை, அதனால் ‘கால’வுக்குப் பதில் ‘தலப’ (கேட்டுக்கொண்டார்) வருகிறது. பலர் சறுக்குவது இங்கேதான்.

‘ஒரே வாரத்தில் அரபு’ என்று விற்கும் புத்தகங்களை வாங்காதீர்கள். மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டு, எதிரே ‘என்று’ என அச்சடித்துவிட்டு, வேலைக்குப் போகிறவரிடம் காசு வாங்கிவிடுகிறார்கள். அறைத்தோழர் பேசுவதைக் கேட்டும் எழுதாதீர்கள். பேச்சு அரபில் ‘இன்ன’வை ஒத்த ஒரே சொல் எல்லா இடத்துக்கும் போதும். செய்தித்தாளும் உதவாது. அலிஃப் எழுத்தின் மேலே ஹம்ஸா குறி இருந்தால் அன்ன, கீழே இருந்தால் இன்ன. பல இடங்களில் ஹம்ஸாவையே போடாமல் அச்சடிக்கிறார்கள். பாடத்திட்டமோ இன்னவை ஒரு பாடத்திலும் ‘கால’வை வேறொரு பாடத்திலும் வைத்து, இரண்டையும் சேர்த்துக் காட்டாமலே மாணவரைத் தேர்வுக்கு அனுப்புகிறது. எத்தனை வருடமாக இப்படியே!

ஒரு விலக்கை மட்டும் நிதானமாகப் பாருங்கள். தொழுகைக்கு அழைக்கும் பாங்கில் ‘அஷ்ஹது அன்ன முஹம்மதன் ரஸூலுல்லாஹ்’ என்று கேட்கிறோம். சாட்சி சொல்லும் வினைக்கு அன்ன, விதிப்படி சரி. ஆனால் குர்ஆனின் 63ஆம் அத்தியாயம், முதல் வசனத்தில் ‘வல்லாஹு யஃலமு இன்னக லரஸூலுஹு’ என்று வருகிறது: நீர் தன் தூதர் என்று அல்லாஹ் அறிவான். ‘அறிவான்’ என்பதற்குப் பின் அன்னக அல்லவா வரவேண்டும்? காரணம் ‘லரஸூலுஹு’வின் முன்னால் இருக்கும் ‘ல’. வலியுறுத்தும் அந்த லாம் பயனிலையில் ஏறிவிட்டால், முன்னால் அறிவு வினை நின்றாலும் இன்னதான். அதே வசனத்தில் நயவஞ்சகர் சொல்லும் ‘நஷ்ஹது இன்னக லரஸூலுல்லாஹ்’விலும் இதே கதை. லாமை எடுத்துவிட்டால் மறுபடி அன்னக ஆகிவிடும்.

ஆகவே எழுதியதைத் திருத்தும்போது முதலில் ‘கால’வைத் தேடுங்கள், பிறகு பயனிலையில் லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் அடுத்து பெயர் வந்தால், தயங்காமல் அன்ன போடுங்கள்.